‘பணம் எங்கே போய்விடப் போகிறது?’: ஒரு பிஸ்தா வியாபாரியின் மெயிலைப் படிப்பது

டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் என்ற பழைய ஊரில் ஷா அப்துல் அஸீம் அடக்கத்தலம் இருக்கிறது. 1888இல் டெஹ்ரானிலிருந்து அங்கே ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். பத்து கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘மாஷீன் தூதி’, புகை இயந்திரம். டெஹ்ரான்காரர்கள் காலையில் ஏறிப் போய், ஸியாரத் முடித்து, சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவார்கள். வண்டி கிளம்பப் போகிற நேரம் பார்த்து ரேய்க்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்களாம்: “இன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும், விட மாட்டோம்!” வந்தவர் கையில் திரும்பும் டிக்கெட் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியும். இன்றைக்கும் ஒப்புக்குச் செய்கிற உபசாரத்துக்கு ஈரானில் ‘ஷாப்துலஸீமி தாரோஃப்’ என்றுதான் பெயர்.

தாரோஃப் என்கிற இந்த உபசார வழக்கம் பற்றி இணையத்தில் நிறையக் கிடைக்கும். டாக்ஸிக்காரர் ‘காபெலி நதாரே’, உங்கள் முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக் காசு வேண்டாம் என்பார், நம்பி இறங்கிப் போய்விடாதீர்கள் என்கிற கதைதான் எல்லா இடத்திலும். அது சுற்றுலாப் பயணிக்குப் போதும். துபாய் தேராவில் உலர்பழ இறக்குமதிக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிற எனக்கு அது போதாது. டாக்ஸியில் ஓட்டுநரின் முகம் தெரியும், குரல் கேட்கும். மெயிலில் இரண்டும் கிடையாது. கெர்மானிலிருந்தோ ரஃப்சஞ்சானிலிருந்தோ ஒரு பிஸ்தா வியாபாரி எழுதுகிற மெயிலில் நாலு வாக்குறுதி இருக்கும். நாலும் ஒரே சூட்டில், ஒரே பணிவில் எழுதப்பட்டிருக்கும். எது சரக்கு, எது சம்பிரதாயம் என்று பிரித்தெடுக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்.

அப்படி ஒரு மெயிலைத் தமிழில் தருகிறேன். ஒரே ஆள் எழுதியதல்ல. வழக்கமாக வருகிறவற்றை ஒன்றாகத் தைத்திருக்கிறேன்.

*இறைவன் திருப்பெயரால். மரியாதைக்குரிய இன்ஜினியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, சலாமும் மரியாதையும். தாங்கள் பூரண நலத்துடன் இருக்க இறைவனை வேண்டுகிறோம். தாங்கள் விலை விசாரித்து எழுதியது இந்த எளியவர்களுக்குப் பெருமை. தாங்கள் கேட்டருளிய ஃபந்தோகி 28-30 இந்தப் பருவத்துச் சரக்கு கைவசம் உள்ளது. விலை ஒரு பொருட்டல்ல, தாங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் விலை. பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது எங்கே போய்விடப் போகிறது, எப்போது சௌகரியமோ அப்போது. மாதிரிக்கு ஐந்து கிலோ எங்கள் அன்பளிப்பாக அனுப்புகிறோம். கெர்மான் பக்கம் எழுந்தருளும்போது எங்கள் குடிலில் ஒரு வேளை தங்களுக்குப் பணி செய்யும் பாக்கியத்தை அளிக்க வேண்டும். முன்விலைப் பட்டியல் இணைப்பில் சமர்ப்பிக்கப்படுகிறது. ஒப்புதலுக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி.*

நான் படித்தது பி.காம். ஆனாலும் ஈரான் மெயில்களில் நான் ‘மொஹந்தெஸ்’, அதாவது இன்ஜினியர். கொஞ்சம் நரை தெரிந்தால் ‘டாக்டர்’ ஆகலாம். வயசாளியாக இருந்தால் மக்காவுக்குப் போகாமலே ‘ஹாஜ் ஆகா’ ஆகலாம். இதைத் திருத்தப் போகாதீர்கள். எதிராளியை ஒரு படி மேலே ஏற்றி, தன்னை ஒரு படி கீழே இறக்கிப் பேசுவதுதான் இந்த மொழியின் மரியாதை இலக்கணம். ஈரானியப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பீமன், 1986இல் வந்த தன் புத்தகத்தில் இந்த ஏற்றுதல் இறக்குதலைத்தான் விரிவாக எழுதினார். வினைச்சொல்லே இரண்டாகப் பிரிந்துவிடும்: நான் சொன்னால் ‘விண்ணப்பிக்கிறேன்’, நீங்கள் சொன்னால் ‘அருளுகிறீர்கள்’. நமக்குத் தேவையான முடிவு ஒன்றுதான். முதல் நான்கு வரியையும் கடைசி வரியையும் அளந்து பார்த்து ‘இவருக்கு நம்மேல் ரொம்பப் பிரியம்’ என்றோ ‘இவர் நடிக்கிறார்’ என்றோ எதுவும் முடிவு கட்டக் கூடாது. அது கடிதத்தின் உடுப்பு. போட்டுக்கொள்ளாமல் வந்தால்தான் கவனிக்க வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அந்த நாலு வாக்குறுதிகள்: விலை, கடன், மாதிரி, விருந்து.

மெயிலை மேலிருந்து கீழே படிக்காமல் இணைப்பைத் திறந்து ஆரம்பிப்பது என் பழக்கம். பீஷ்-ஃபாக்டோர் என்கிற முன்விலைப் பட்டியல் அதில் இருக்கும். நம் உதாரணத்தில் அதில் இருப்பது இவ்வளவு: ஒரு நாற்பதடிக் கன்டெய்னர், 24 டன், ஃபந்தோகி ரகம், அவுன்ஸுக்கு 28 முதல் 30 கொட்டை, கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை, ஜெபல் அலி வரை கப்பல் கூலி சேர்த்து. 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங் கைக்கு வருவதற்கு முன். பட்டியல் மூன்று வேலை நாள் மட்டுமே செல்லும். தேதி ஈரானிய சூரிய நாட்காட்டியில். ‘தாங்கள் சொல்வதே விலை’ என்று கடிதம் சொல்கிறது. பட்டியல் ஒரு விலையைச் சொல்கிறது. ‘எப்போது சௌகரியமோ அப்போது’ என்று கடிதம் சொல்கிறது. முன்பணம் இல்லாமல் பெட்டி நகராது என்று பட்டியல் சொல்கிறது.

இதில் முரண்பாடே கிடையாது. கடிதம் மனிதனுக்கு, பட்டியல் கம்பெனிக்கு. மூன்று நாள் கெடு எதற்கு என்று யோசித்தாலே எழுதியவர் எவ்வளவு நிதானமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று புரிந்துவிடும். ரியாலின் மதிப்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாத நாட்டில், தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய உள்ளூர் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. அப்படிப்பட்டவர் அறுபது நாள் கடனை வாய் வார்த்தையாக அள்ளித் தர மாட்டார். அதிலும் ஈரான் வங்கிகள் ஸ்விஃப்ட் வலைக்கு வெளியே இருப்பதால் பணம் பெரும்பாலும் துபாய் நாணய மாற்றுக்காரர்கள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். கடைசித் தவணை எப்போது வரும் என்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். ஆக, ஒரு வாக்குறுதி அதே உறைக்குள் இருக்கிற எண்ணோடு மோதினால், எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் படும். அலங்காரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ‘ஃபந்தோகி 28-30 கைவசம் உள்ளது’ என்ற வரியைப் பாருங்கள். பாக்கியமும் இல்லை, எளியவரும் இல்லை. மொட்டையான வாக்கியம். ‘முன்விலைப் பட்டியல் இணைப்பில்’ என்பதும் அப்படியே. ‘ஒப்புதலுக்கு உத்தரவிடுமாறு’ என்பது கொஞ்சம் ஜோடனையோடு இருந்தாலும் அதற்குள் ஒரு வேலை இருக்கிறது: மூன்று நாளைக்குள் ஆமாம் என்று சொல் என்பதுதான் அது.

தாரோஃபை நேரில் செய்கிறபோது அது சண்டை மாதிரி சுற்றுச் சுற்றாகப் போகும். வைத்துக்கொள்ளுங்கள் என்பார், வேண்டாம் என்பீர்கள், அதெல்லாம் முடியாது என்பார், சிரமம் எதற்கு என்பீர்கள். பத்து வினாடியில் இரண்டு மூன்று சுற்று முடிந்து, அவர் உண்மையாகவே தருகிறாரா என்று இருவருக்கும் தெரிந்துவிடும். நம் ஊரில் கிளம்புகிற விருந்தாளியிடம் வாசலில் நின்று “சாப்பிட்டுட்டுப் போலாமே” என்பதும், இலையைப் போட்டுவிட்டு “உட்காருங்க” என்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெயிலில் சிக்கல் என்னவென்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. சில சமயம் ஒரு வாரம். அவருடைய முதல் உபசாரம் மட்டும் நம் திரையில் தனியாக நிற்கிறது. அதை முழு உரையாடல் என்று எடுத்துக்கொள்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இப்படித்தான் நடந்தது. பெயர் வேண்டாம். அங்கே புதிதாக வந்த பையன், ஆங்கிலத்தில் கெட்டிக்காரன், இதே மாதிரி ஒரு மெயிலுக்குப் பதில் போட்டான்: தாங்கள் மனமுவந்து அளித்த கடன் வசதிக்கு நன்றி, சரக்கு வந்து அறுபதாம் நாள் தொகையைச் செலுத்துகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது: ‘சஷ்ம்’. கண்மேல் வைத்துச் செய்கிறேன் என்பது போல. பையனுக்கு ஒரே சந்தோஷம், மேலாளரிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கினான். அதற்கப்புறம் கன்டெய்னர் கிடைக்கவில்லை. பிறகு ஆய்வகச் சான்றிதழ் தாமதம். பிறகு லாரிக்காரர் பிரச்சினை. பிறகு நவ்ரூஸ் வந்துவிட்டது; மார்ச் 20, 21 வாக்கில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் நாட்கள் வரை நாடே விடுமுறையில். ஒரு மெயிலில்கூட ‘கடன் தர முடியாது’ என்று யாரும் எழுதவில்லை. சரக்கு மட்டும் வரவில்லை.

அந்த வியாபாரி ஏமாற்றினாரா? நான் அப்படி நினைக்கவில்லை. தான் சொன்ன வார்த்தையைத் தானே திரும்ப வாங்குவது அவருக்கு அவமானம். ‘ரூதர்பாயெஸ்தி’ என்று அவர்கள் சொல்கிற முகதாட்சண்யத்தில் சிக்கிக்கொண்டார். வாயால் இல்லை என்று சொல்ல முடியாதபோது காலத்தால் இல்லை என்று சொல்வதுதான் மிச்சமிருக்கிற வழி. இந்த ஆபத்து அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ‘தாரோஃப் ஆமத் நயாமத் தாரே’ என்று ஒரு சொலவடை உண்டு: உபசாரம் பலித்துத் தொலைத்தாலும் தொலைக்கும், ஜாக்கிரதை. அங்கே அது பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, நம் மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது? விலைக்கும் கடனுக்கும் நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*தங்கள் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வது. விலை விஷயத்தில் பேச நாங்கள் யார், அந்த உரிமை தங்களுக்குத்தான். தங்களுக்குச் சிரமம் தர மனம் ஒப்பவில்லை, ஆகவே பணம் தங்கள் பட்டியலில் உள்ள முறைப்படியே இருக்கட்டும். அனுமதித்தால் ஒன்று விண்ணப்பிக்கலாமா: இந்தப் பெட்டியோடு நவம்பரில் இன்னொன்றும் எடுக்கும் எண்ணம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத் தங்கள் விலை என்ன என்று அருளினால் உதவியாக இருக்கும். மாதிரிக்காகச் சிரமப்பட வேண்டாம்.*

இதில் மூன்று காரியம் நடக்கிறது. தாரோஃபை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் தட்டியும் விடவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘நீங்கள்தான் எந்த விலையும் சரி என்றீர்களே’ என்று பிடித்துக்கொண்டு குறைத்துக் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய சலுகையை அவருடைய உபசாரத்திலிருந்து பிடுங்காமல் என்னுடைய வேண்டுகோளாகத் தனியே வைத்தேன், அதற்கு அவருக்கு ஒரு லாபமும் காட்டினேன். அவருடைய உபசாரத்தைப் பிடித்துக் கேட்டால் அது கடன்காரன் பேச்சு. தனியே கேட்டால் வியாபாரம். மாதிரி வேண்டாம் என்று நான் எழுதியது பொய். எனக்கு மாதிரி கட்டாயம் வேண்டும். ஆனால் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால்தான் அந்த உபசாரம் நிஜமா என்று தெரியவரும்.

இரண்டாவது மெயில்தான் உண்மையான மெயில். மேல் உடுப்பைக் கழற்றிவிட்டால் அது இப்படி வரும்:

*இது என்ன பேச்சு, தாங்கள் வேறு நாங்கள் வேறா? மாதிரி நேற்றே கிளம்பிவிட்டது. கூரியர் எண் கீழே உள்ளது, கிடங்குப் பொறுப்பாளரையும் இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன். தங்களுக்காக, இரண்டு பெட்டி என்றால் கிலோவுக்கு இத்தனை சென்ட் குறைத்துத் திருத்திய பட்டியல் இணைத்திருக்கிறோம். கெர்மான் வருவதாக உத்தேசம் உண்டா? வருவதென்றால் எந்த வாரம்?*

எது திரும்ப வந்தது, எது வரவில்லை என்று மட்டும் பாருங்கள். கடன் பேச்சே காணவில்லை. நான் மரியாதையாக மறுத்தேன், அவர் நிம்மதியாக அதை அங்கேயே இறக்கிவைத்துவிட்டார். ‘நீங்கள் சொல்வதே விலை’யும் போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு எண் வந்திருக்கிறது. தாரோஃபாக வந்த எல்லையற்ற தள்ளுபடியைவிட இந்தச் சில சென்ட் எவ்வளவோ மேல், ஏனென்றால் இது பட்டியலில் ஏறிவிட்டது. மாதிரி திரும்ப வந்தது மட்டுமல்ல, கூடுதல் விவரத்தோடு வந்திருக்கிறது: ‘அனுப்புகிறோம்’ என்பது ‘கிளம்பிவிட்டது’ ஆகியிருக்கிறது, எண் இருக்கிறது, மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்.

அந்த மூன்றாவது ஆள் எனக்கு மிக நம்பகமான அடையாளம். தாரோஃப் இரண்டு பேருக்கு நடுவே நடப்பது. அதில் கணக்குப்பிள்ளையையோ கிடங்குக்காரரையோ இழுத்துவிட யாரும் துணிய மாட்டார்கள், இழுத்தால் அது வேலையாகிவிடும். முதலாளி வாட்ஸப்பில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அதையே கணக்குப் பிரிவுக்கு நகல் போட்டு ஒரு வரி எழுதினால் அது நிஜம். எழுதச் சொல்லி நாமும் பணிவாகக் கேட்கலாம்: ‘தங்கள் சக ஊழியர்களுக்கு எங்களால் குழப்பம் வரக் கூடாது, அவர்களுக்கும் ஒரு வார்த்தை உத்தரவிட்டால் நல்லது.’ கேட்ட பிறகும் அந்த ஒரு வரி வரவில்லையென்றால் பதில் கிடைத்துவிட்டதாக அர்த்தம்.

விருந்துக்கு வருகிறேன். ‘எப்போதாவது வாருங்கள்’ என்று முதல் மெயிலில் வந்தபோது அது ரேய் ஸ்டேஷன் விருந்து; நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ‘எந்த வாரம்’ என்று இரண்டாவதில் கேட்டபோது பாதி நிஜமாகிவிட்டது. நான் அக்டோபர் என்று சொல்லி, ஆனால் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன், தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எழுதினால், அடுத்து வருகிற கேள்விதான் முடிவு சொல்லும். எந்த ஃப்ளைட், எத்தனை மணிக்கு, வீட்டில் அவர்களும் வருகிறார்களா, இறைச்சி சாப்பிடுவீர்களா என்று ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம், சமையலறைக்குத் தகவல் போய்விட்டது. அப்போது மறுபடியும் மறுத்தால் அது அவமதிப்பு. கெர்மான் விமான நிலையத்திலிருந்து ரஃப்சஞ்சான் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கார் அனுப்புகிறேன் என்று ஓட்டுநரின் போன் நம்பரையும் தருகிறவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஏலக்காய் நல்லதாக அரைக் கிலோ எடுத்துக்கொண்டு போங்கள், அவர்கள் டீயில் போடுவார்கள். அதையும் முதலில் வேண்டாம் என்பார்கள். மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்னது அவர்கள் தருவதைப் பற்றி. நாம் தருவதில்தான் தமிழர்கள் அதிகம் சறுக்குகிறோம் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் நாம் சரி என்று விட்டுவிடுகிறோம். ஒரு பெட்டிக்கு இங்கே அஃப்லாடாக்ஸின் பரிசோதனையை இரண்டாவது தடவை செய்ய வேண்டி வந்தது என்று வையுங்கள். பூஞ்சை நச்சுக்கான சோதனை; பிஸ்தாவில் அது தவறினால் முழுப் பெட்டியும் நின்றுவிடும். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ‘அது எப்படி, தங்களைச் சிரமப்படுத்துவோமா, அது எங்கள் கடமை’ என்று பதில் வருகிறது. இது மறுப்பல்ல, முதல் சுற்று. இங்கே நிறுத்தினால், கொடுக்க மனமில்லாமல் ஒப்புக்குச் சொன்னதாக அந்தப் பக்கம் புரிந்துகொள்ளும். நாம் அவர்களுக்கு வைத்த அதே சோதனையில் இப்போது நாமே தேறவில்லை. இரண்டாவது தடவை விவரத்தோடு சொல்ல வேண்டும்: ‘ஆய்வகத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ரசீது இணைத்திருக்கிறேன், இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.’ இப்போது அவர்களால் கௌரவமாக ஏற்றுக்கொள்ள முடியும்.

அவர்களுடைய உண்மையான ‘முடியாது’ வேறு தினுசில் வரும். ‘ஷர்மந்தெ’ என்று ஆரம்பிக்கும், வெட்கப்படுகிறேன் என்று. பக்கத்திலேயே ஒரு காரணம் இருக்கும்: அறுவடை குறைவு, 28-30 தீர்ந்துவிட்டது, 30-32தான் இருக்கிறது. ஷர்மந்தெயோடு காரணமும் வந்தால் அதை நம்பலாம், அதற்கு மேல் அழுத்தக் கூடாது. இன்னொரு வகை, தேதி இல்லாத ஆமாம். ‘பரிசீலித்துத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம்’, ‘தக்க சமயத்தில், இன்ஷா அல்லாஹ்’, ‘ஹாஜ் ஆகாவிடம் பேசிவிட்டு’ என்பதெல்லாம் ஒரு தடவை வந்தால் உண்மையாகவே இருக்கலாம். அதே வாக்கியம் தேதி இல்லாமல் இரண்டாம் தடவை வந்தால் மூடிவிடுங்கள்.

மௌனத்தை மட்டும் அவசரப்பட்டு மறுப்பாக எடுக்காதீர்கள். அங்கே வாரம் சனிக்கிழமை ஆரம்பிக்கும். வியாழன் அரைகுறை, வெள்ளி விடுமுறை. இங்கே 2022 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறு விடுமுறை. இரண்டு பக்கமும் முழுசாக விழித்திருப்பது திங்கள், செவ்வாய், புதன் மட்டும். புதன் சாயங்காலம் அனுப்பிய மெயிலுக்கு வெள்ளி வரை பதில் இல்லையென்று இங்கே ஒரு மேலாளர் புலம்பினால், அவருக்குக் காலண்டரைக் காட்ட வேண்டும். பட்டியலின் மூன்று வேலை நாள் கெடுவை எண்ணும்போதும் இது நினைவில் இருக்கட்டும். அது அவர்களுடைய வேலை நாள்.

இத்தனை சுற்றும் சுற்றாமல் நேரே பேசவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், அதற்கும் அவர்களே வாசல் வைத்திருக்கிறார்கள். ‘ஹெசாப் ஹெசாபெ, காக்கா பராதர்’ என்பார்கள்: கணக்கு கணக்குத்தான், அண்ணன் அண்ணன்தான். (காக்கா என்றால் யார் என்று காயல்பட்டினத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) ஒப்பந்தம் எழுதும்போது இன்னொன்று உதவும்: கடைசியில் சமாதானம் பேசுவதைவிட முதலிலேயே சண்டை போட்டுவிடுவது மேல், ‘ஜங்கெ அவ்வல் பெஹ் அஸ் சோல்ஹெ ஆகர்’. இந்த இரண்டில் ஒன்றை எழுதி, அடுத்த வரியில் முன்பணம், எடைக் குறைவு, ஈரப்பதம் பற்றிய நிபந்தனைகளைப் பச்சையாக வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சொலவடை போட்ட பிறகு உடுப்பைக் கழற்றுவது அநாகரிகமில்லை என்பது இரு தரப்புக்கும் சம்மதம். ‘தாரோஃப் இல்லாமல் சொல்கிறேன்’ என்று அவரே ஆரம்பித்து ஒரு எண்ணைச் சொன்னாலும் பெரும்பாலும் அது நிஜ எண். ‘தாரோஃப் இல்லாமல் கேளுங்கள், என்ன வேண்டுமானாலும்’ என்றால் அது மறுபடியும் தாரோஃப். என்ன செய்ய, அதற்கும் எண் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உடுப்பில்லாமல் வருகிற மெயில். பாக்கிப் பணம் தாமதமாகிறது என்று வையுங்கள். முதல் நினைவூட்டல் வழக்கம்போல மலர்ச்சியாக வரும்: தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும், சும்மா ஞாபகப்படுத்தத்தான், பணம் பெரிதல்ல. அதற்குப் பொருள், பணம் வேண்டும், இந்த வாரம். இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நலம் விசாரிப்பு மட்டும் சுருங்கியிருக்கும். மூன்றாவதில் நீங்கள் இன்ஜினியர் பதவியை இழந்திருப்பீர்கள். ‘கம்பெனியின் மதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு’ என்று ஆரம்பித்து, கடித எண், தேதி, பட்டியல் எண், நிலுவைத் தொகை, கீழே வெறும் கையெழுத்து. எளியவரும் இல்லை, பாக்கியமும் இல்லை, குடிலும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிற நம் ஆட்களுக்கு இது முந்தியவற்றைவிட நாகரிகமான, சுத்தமான வியாபாரக் கடிதமாகத் தெரியும். “இப்பதான்யா ஒழுங்கா எழுதறான்” என்று ஒருவர் என்னிடம் சொல்லியே இருக்கிறார். அந்தக் கடிதம் வந்தால் மெயிலில் பதில் எழுத உட்காராதீர்கள், அன்றைக்கே போன் செய்யுங்கள். எடுத்ததும் பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவருடைய அப்பா உடம்பு எப்படியிருக்கிறது, இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று கேளுங்கள். அவர் உங்களை மறுபடியும் ‘மொஹந்தெஸ்’ என்று கூப்பிட்டபிறகு, பணம் கட்டுகிற தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் கட்டியும் விடுங்கள், உங்கள் தேதியை அவர் தாரோஃபாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.